நோயாளி “வேண்டாம்” என்றால் கேஸ் ஷீட்டில் என்ன எழுதுவது?

“அபாயங்கள் விளக்கப்பட்டன. நோயாளி மறுத்துவிட்டார்.”

கேஸ் ஷீட்டில் இந்த இரண்டு வரியை எழுதாத மருத்துவர் அபூர்வம். பயிற்சிக் காலத்தில் நானும் எழுதியிருக்கிறேன். அப்படி நான் எழுதிய ஒரு குறிப்பைப் பற்றிச் சில மாதங்கள் கழித்து அந்த நோயாளியின் மகள் வந்து கேட்டார்: “அப்பாகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?” சண்டை போட அவர் வரவில்லை. தெரிந்துகொள்ளத்தான் வந்தார். என்னிடம் பதில் இல்லை. உட்கார்ந்து பொறுமையாகப் பேசினேன் என்பது நினைவில் இருந்தது. எந்த அபாயத்தைச் சொன்னேன், அவர் என்ன பதில் சொன்னார், ஏன் வேண்டாம் என்றார் என்பதெல்லாம் போய்விட்டது. நான் எழுதி வைத்த இரண்டு வரியும் உதவவில்லை.

மருத்துவர் ஒரு சிகிச்சையைப் பரிந்துரைக்கிறார். அதை ஏற்காவிட்டால் என்ன ஆகலாம் என்று விளக்குகிறார். நோயாளி கேட்டுவிட்டு, “வேண்டாம்” என்கிறார். இந்த உரையாடலை எழுத்தில் வைப்பதைத்தான் மறுப்புக் குறிப்பு என்கிறோம். அறுவை சிகிச்சைக்கு முன்னால் வாங்கும் ஒப்புதலை எல்லோருக்கும் தெரியும். அதன் மறுபக்கம் இது. ஒப்புதலுக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும் என்றால் மறுப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும். எதை மறுக்கிறோம் என்று தெரியாமல் சொல்லும் “வேண்டாம்” வெறும் தயக்கமாகவும் இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம்.

இந்தக் கருத்து சட்டத்தில் அழுத்தமாகப் பதிந்தது 1980இல், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ட்ரூமன் எதிர் தாமஸ் வழக்கில். ஓர் இளம்பெண் பல ஆண்டுகளாக ஒரே குடும்ப மருத்துவரிடம் போய்வந்தார். கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பேப் ஸ்மியர் பரிசோதனையைச் செய்துகொள்ளும்படி மருத்துவர் சொன்னார். அவர் செய்துகொள்ளவில்லை. 1970இல், 30 வயதில், அதே புற்றுநோயால் இறந்தார். பரிசோதனை செய்யச் சொன்னேன், அவர்தான் மறுத்தார் என்பது மருத்துவரின் தரப்பு. ஆனால் செய்யாவிட்டால் என்ன ஆபத்து என்பதை அவர் விளக்கியிருக்கவில்லை. ஒரு பரிசோதனையை நோயாளி மறுக்கும்போது, மறுப்பதால் வரக்கூடிய முக்கியமான ஆபத்துகளையும் சொல்வது மருத்துவரின் கடமை என்று நீதிமன்றம் கூறியது. “செய்துகொள்ளுங்கள்” என்று சொல்வது பரிந்துரை. “செய்யாவிட்டால் இது நடக்கலாம்” என்று சொல்வதுதான் விளக்கம். மறுப்புக் குறிப்பு பிந்தையதைத்தான் பதிவுசெய்கிறது.

சரி, ஒருவரை எடுத்துக்கொண்டு பார்ப்போம். அவசரப் பிரிவில் அடிக்கடி வருகிற நிலைமைதான்.

அவருக்கு 52 வயது. சர்க்கரை நோய் உண்டு, புகைபிடிப்பார். இரவு 10:15க்கு நெஞ்சின் நடுவில் அழுத்துவது போல் வலி வந்து இடது தோளுக்குப் பரவியது. வியர்த்தது. 11:30க்கு மருத்துவமனைக்கு வருகிறார். வந்து சேர்வதற்குள் வலி நின்றுவிட்டது. 11:36க்கு எடுத்த ஈசிஜியில் மாற்றம் எதுவும் இல்லை. 11:45க்கு ரத்தம் எடுத்து டிரோப்போனின் பார்க்கிறார்கள். இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் புரதம் அது. அதுவும் இயல்பாகவே இருக்கிறது. அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொள்கிறார். “எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்களே டாக்டர், நான் கிளம்பறேன்” என்கிறார்.

அவர் சொல்வதில் தப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் விளக்க வேண்டிய விஷயமே அதுதான். வலி தொடங்கி ஒன்றரை மணி நேரத்தில் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். சேதமான தசையிலிருந்து டிரோப்போனின் ரத்தத்தில் அளவிடும்படி ஏறுவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால் இவ்வளவு சீக்கிரம் எடுத்த முதல் பரிசோதனை இயல்பாக இருப்பது மாரடைப்பு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. ஈசிஜியும் அப்படித்தான். எடுத்த அந்த நிமிடத்தின் நிலையை அது காட்டும், அவ்வளவுதான். மூன்று மணி நேரம் கழித்து இரண்டையும் திரும்பச் செய்து, அதுவரை மானிட்டரில் வைத்துக் கவனிக்க வேண்டும் என்பதே பரிந்துரை. அவரோ “முடியாது” என்கிறார்.

இந்த இடத்தில் பலர் உடனே படிவத்தைத் தேடப் போய்விடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: “ஏன் சார், என்ன அவசரம்?” கேட்டால் சொல்கிறார். வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், அதற்கு வேறு ஆள் இல்லை. இது தெரிந்தவுடன் பேச்சின் திசையே மாறுகிறது. “அக்கா, தங்கச்சி யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா? போன் போட்டுப் பார்ப்போமா?” என்று கேட்கலாம். அட்மிஷன் வேண்டாம், மூன்று மணி நேரம் மட்டும் இருங்கள் என்று சொல்லிப் பார்க்கலாம். பல மறுப்புகள் இங்கேயே கரைந்துவிடும். மருத்துவரின் பார்வையில் காரணமே இல்லாத மறுப்பு, நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் தெளிவான காரணத்தோடு இருக்கும். பணம், வேலை, குழந்தை, முன்பு பட்ட கசப்பு, பயம், நம்பிக்கை என்று எதுவாகவும் இருக்கலாம். அதனால் காரணத்தைக் கேட்டு, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி வைக்க வேண்டும். நம் மொழியில் மாற்றி “தனிப்பட்ட காரணங்கள்” என்று எழுதினால் விஷயமே போய்விடும்.

நம்முடையவர் தங்கைக்குப் போன் செய்கிறார். எடுக்கவில்லை. போய்த்தான் ஆக வேண்டும் என்கிறார். அப்புறம்தான் அடுத்த கட்டம்.

இவருக்கு இந்த முடிவை எடுக்கும் திறன் இருக்கிறதா? மறுப்பு செல்லுமா செல்லாதா என்பது இதில்தான் நிற்கிறது. வயது வந்த எவருக்கும் திறன் உண்டு என்றே தொடங்க வேண்டும். நமக்குப் பிடிக்காத முடிவை எடுத்தார் என்பதற்காக அது இல்லை என்று சொல்ல முடியாது. பார்ப்பது நான்கு விஷயங்கள். சொன்னது அவருக்குப் புரிந்ததா? அது தனக்கே நடக்கக்கூடியது என்று உணர்கிறாரா, இல்லை யாருக்கோ நடப்பது போலக் கேட்கிறாரா? இரண்டு வழிகளையும் எடைபோட்டுப் பேசுகிறாரா? ஒரே முடிவைத் தெளிவாகச் சொல்கிறாரா, நிமிடத்துக்கு ஒன்று மாறுகிறதா?

இதில் நடைமுறையில் நழுவுவது இரண்டாவதுதான். “மாரடைப்பு வந்தால் ஆள் செத்துப்போகலாம்” என்பது எல்லோருக்கும் புரியும். “எனக்கு அதெல்லாம் வராது” என்று அதே மூச்சில் சொன்னால் புரிதல் இருக்கிறது, உணர்தல் இல்லை. அங்கே நிறுத்தி, ஏன் வராது என்று நினைக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். பதில் பெரும்பாலும் “ஈசிஜி நார்மல்தானே” என்பதாக இருக்கும். அதைத் திருத்த வேண்டியது நம் வேலை. தவறான தகவலின் மேல் நிற்கும் மறுப்பை அப்படியே எழுதிக்கொண்டு அனுப்பக் கூடாது.

திறனைத் தற்காலிகமாகக் குலைக்கும் உடல் காரணங்களையும் பார்த்துவிட வேண்டும். இவர் சர்க்கரை நோயாளி. ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தால் குழப்பமும் பிடிவாதமும் அதனாலேயே வரும், குளுக்கோஸ் கொடுத்தால் மாறிவிடும். ஆக்சிஜன் குறைவு, கடுமையான காய்ச்சல், தலையில் அடி, சற்று முன் போட்ட மார்ஃபின் ஊசி, இவை எல்லாமே அப்படித்தான். குடித்திருக்கிறார் என்பதால் மட்டும் திறன் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. குடித்த நிலையிலும் மேலே சொன்ன நான்கையும் செய்ய முடிகிறதா என்பதுதான் கேள்வி. திறன் என்பது முடிவுக்கு முடிவு மாறும். காய்ச்சல் மாத்திரை வேண்டாம் என்று சொல்லத் தேவையான தெளிவு குறைவு. உயிர் போகக்கூடிய ஒன்றை மறுக்க அதைவிடக் கவனமாகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோதிக்க எளிய வழி, அவரையே திருப்பிச் சொல்லச் சொல்வது. “நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கிறேன். வீட்டுக்குப் போனால் என்ன ஆகலாம் என்று சொன்னேன், உங்கள் வார்த்தையில் சொல்லுங்களேன்.” பரீட்சை கேட்பது போல் இல்லாமல் இப்படிக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அவர் சொல்கிறார்: “இப்ப நார்மலா இருந்தாலும் உள்ள மாரடைப்பு நடந்துக்கிட்டு இருக்கலாம். வீட்டுல வச்சு உசுரு போனாலும் போகலாம். அது தெரியுது டாக்டர். ஆனா அம்மாவை அப்படியே விட முடியாது.” இந்த நான்கு வாக்கியம் நம் கையில் கிடைத்த தங்கம். அவருக்குப் புரிந்திருக்கிறது, தனக்கு நடக்கலாம் என்று உணர்ந்திருக்கிறார், எடைபோட்டிருக்கிறார், முடிவைச் சொல்லியிருக்கிறார். நான்கும் இதற்குள் இருக்கின்றன. இதை அப்படியே, அவர் பேசிய மொழியிலேயே, மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும்.

விளக்கும் விதம் பற்றி ஒரு வார்த்தை. சிலர் நோயாளியைத் தடுத்து நிறுத்துவதற்காக “இப்ப போனீங்கன்னா வாசல் தாண்டறதுக்குள்ள செத்துடுவீங்க” என்று பயமுறுத்துவார்கள். அது பொய். இவருக்கு வந்தது மாரடைப்பு வலியாக இல்லாமலும் இருக்கலாம், அதையும் சொல்லத்தான் வேண்டும். இன்னொரு பக்கம், பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்து “கொஞ்சம் ரிஸ்க் இருக்கு” என்று மழுப்புவார்கள். அதுவும் விளக்கம் ஆகாது. மரணம் என்ற சாத்தியம் உண்மையிலேயே இருந்தால் அந்த வார்த்தையை வாயால் சொல்ல வேண்டும். எழுதும்போதும் “சிக்கல்கள்” என்று மறைக்காமல் “மரணம்” என்றே எழுத வேண்டும். “எல்லாச் சிக்கல்களும் விளக்கப்பட்டன” என்ற வரியைப் படிப்பவர் எந்தச் சிக்கல் என்றுதான் கேட்பார். அதற்கு அந்த வரியில் விடை இருக்காது.

இனி குறிப்பை எழுதுவோம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்.

> இரவு 12:25. நோயாளியுடன் கண்காணிப்பு அறையில் 12:05 முதல் 12:20 வரை பேசினேன். இரவுப் பணிச் செவிலியர் உடன் இருந்தார். உரையாடல் நோயாளியின் தாய்மொழியில் நடந்தது.
>
> மாரடைப்பாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில், மானிட்டரில் கண்காணிப்பும், முதல் பரிசோதனையிலிருந்து மூன்று மணி நேரத்தில் மறு ஈசிஜியும் மறு டிரோப்போனினும் பரிந்துரைத்தேன். வலி தொடங்கிய சிறிது நேரத்தில் எடுக்கப்பட்டதால், முதல் ஈசிஜியும் டிரோப்போனினும் இயல்பாக இருப்பது மாரடைப்பு இல்லை என்று காட்டாது என விளக்கினேன். இது இதயம் சாராத வலியாகவும் இருக்கலாம் என்றும் சொன்னேன். வீட்டுக்குச் சென்றால், கண்டுபிடிக்கப்படாத மாரடைப்பால் இதயத் தசைக்கு நிரந்தர சேதம், ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறு, திடீர் மரணம் ஆகியவை நேரலாம் என்று கூறினேன்.
>
> நோயாளி விழிப்புடன், இடம், நேரம், ஆள் அறிந்து பேசுகிறார். ரத்தச் சர்க்கரை 148, ஆக்சிஜன் 98 சதவீதம். மது வாசனை இல்லை. மயக்கம் தரும் மருந்து கொடுக்கப்படவில்லை. ஆபத்தைத் தன் வார்த்தைகளில் திருப்பிச் சொன்னார்: “இப்ப நார்மலா இருந்தாலும் உள்ள மாரடைப்பு நடந்துக்கிட்டு இருக்கலாம். வீட்டுல வச்சு உசுரு போனாலும் போகலாம்.” மறுப்பதற்கான காரணம்: “அம்மாவை அப்படியே விட முடியாது.” இந்த முடிவை எடுக்கும் திறன் அவருக்கு உள்ளது என்பது என் மதிப்பீடு.
>
> உள்நோயாளியாகச் சேராமல் மூன்று மணி நேரம் மட்டும் இருக்கும்படி கேட்டேன், மறுத்தார். தங்கையை அழைக்க உதவினோம், பதில் இல்லை. ஆஸ்பிரின் ஏற்றுக்கொண்டார்: ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லை என்று கேட்டறிந்து, 12:20க்கு 300 மி.கி. மென்று விழுங்கக் கொடுக்கப்பட்டது. காலை 6 மணிக்கு மறு பரிசோதனைக்கு வர ஒப்புக்கொண்டார். வலி திரும்பினால், மூச்சு வாங்கினால், வியர்த்தால், மயக்கம் வந்தால் ஆம்புலன்ஸை அழைத்து உடனே வரவும், தானே வண்டி ஓட்ட வேண்டாம் எனவும் எழுத்தில் கொடுக்கப்பட்டது. மனம் மாறினால் எந்த நேரமும் வரலாம் என்று சொன்னேன்.

கீழே மருத்துவரின் பெயர், கையெழுத்து, நேரம். அப்புறம் உடனிருந்த செவிலியரின் கையெழுத்து.

படித்துப் பார்த்தால் தெரியும், இதில் யாரையும் குறை சொல்லும் ஒரு சொல்லும் இல்லை. “ஒத்துழைக்காத நோயாளி”, “எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை”, “பிடிவாதம்” போன்ற சொற்கள் குறிப்புக்குள் வரவே கூடாது. அவை எழுதியவரின் எரிச்சலைத்தான் பதிவுசெய்கின்றன. அடுத்து அதைப் படிக்கும் மருத்துவர் நோயாளியைப் பார்க்கும் முன்பே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். நோயாளி தன் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படிக்கும் உரிமை பல நாடுகளில் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். அவர் முன்னால் உரக்கப் படிக்க முடியாத எதையும் எழுதாமல் இருப்பது நல்லது.

இன்னொன்றும் கவனியுங்கள். “திறன் உள்ளது” என்ற முடிவுக்கு முன்னால், எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறோம் என்பது இருக்கிறது. சர்க்கரை அளவு, ஆக்சிஜன், திருப்பிச் சொன்ன வாக்கியம் எல்லாம் அங்கே நிற்கின்றன. ஆதாரம் இல்லாமல் முடிவை மட்டும் எழுதினால், அது நான் முதலில் சொன்ன இரண்டு வரியின் நீளமான வடிவம்தான்.

படிவத்துக்கு வருவோம். மருத்துவ ஆலோசனைக்கு மாறாகச் செல்கிறேன் என்று அச்சடித்த ஒரு தாள் பெரும்பாலான மருத்துவமனைகளில் இருக்கும். அதில் கையெழுத்து வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் நான் பார்த்த மிகப் பெரிய தவறு. அச்சடித்த தாள் எல்லா நோயாளிக்கும் ஒன்றுதான். காலில் புண்ணோடு வந்தவருக்கும் நெஞ்சுவலியோடு வந்தவருக்கும் அதில் உள்ள வரிகள் மாறாது. அதனால் இந்த மனிதரிடம் என்ன பேசப்பட்டது என்பதற்கு அது பதில் சொல்லாது. கையெழுத்து வாங்கட்டும், நல்லதுதான். ஆனால் தாள் குறிப்புக்குத் துணை. குறிப்பின் இடத்தில் தாளை வைக்க முடியாது. நோயாளிக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் தாள் இருந்தால், அவருக்குத் தெரிந்த மொழியில் வாசித்துக் காட்டி, யார் வாசித்தார் என்பதையும் எழுத வேண்டும்.

“நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்” என்று சொல்பவர்கள் உண்டு. போடாமல் போவதற்கும் அவருக்கு உரிமை இருக்கிறது. படிவம் காட்டப்பட்டது, வாசித்துக் காட்டப்பட்டது, கையெழுத்திட மறுத்தார் என்று நேரத்தோடு எழுதி, மருத்துவரும் உடனிருந்தவரும் கையெழுத்திட்டால் போதும். கையெழுத்துப் போட்டால்தான் மாத்திரைச் சீட்டு தருவோம், போட்டால்தான் வெளியே விடுவோம் என்று நிற்பது தவறு. அப்படி வாங்கிய கையெழுத்துக்கு மதிப்பும் இல்லை.

உடன் வந்தவரிடம் கையெழுத்து வாங்கும் பழக்கமும் உண்டு. முடிவெடுக்கும் திறன் உள்ள ஒரு பெரியவர் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும்போது, அவருக்குப் பதிலாக மகனோ கணவரோ மறுக்க முடியாது. சாட்சியாக இருக்கலாம், அவ்வளவுதான். அதற்கும், விவரத்தை அவரிடம் சொல்லலாமா என்று முதலில் நோயாளியைக் கேட்க வேண்டும். குழந்தைகள், திறன் இழந்தவர்கள், மனநலச் சட்டத்தின் கீழ் வருபவர்கள் விஷயம் வேறு. அங்கே யார் முடிவெடுக்கலாம் என்பதை அந்தந்த நாட்டின் சட்டம் சொல்லும், அதைத் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டும்.

மறுத்தவுடன் மருத்துவரின் பொறுப்பு முடிந்துவிடுகிறது என்று நினைப்பவர்களுக்காக, குறிப்பின் கடைசிப் பத்தியைத் திரும்பப் பாருங்கள் என்று சொல்வேன். அவர் மறுத்தது கண்காணிப்பையும் அந்த நேர மறு பரிசோதனையையும்தான். ஆஸ்பிரினை மறுக்கவில்லை. காலையில் வருவதை மறுக்கவில்லை. மறுத்தது எது, ஏற்றது எது என்று பிரித்து எழுதும்போதுதான் இன்னும் என்னென்ன கொடுக்க முடியும் என்பது நமக்கே தெரிகிறது. “மறுத்துவிட்டார்” என்று மொத்தமாக எழுதும் கை, கொடுத்திருக்கக்கூடிய மருந்தையும் கொடுக்காமல் அனுப்பிவிடும். இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

எப்போது எழுதுவது? பேசி முடித்தவுடன். நோயாளி லிஃப்டில் இறங்குவதற்குள் எழுதிவிட்டால் வார்த்தைகள் அப்படியே கிடைக்கும். அவசரத்தில் எழுத முடியாமல் போய், மறுநாள் எழுத நேர்ந்தால், மறுநாள் தேதியையும் நேரத்தையும் போட்டு, இது தாமதமாக எழுதப்பட்ட குறிப்பு என்று சொல்லியே எழுத வேண்டும். முந்தைய இரவின் நேரத்தைப் போட்டு இடையில் நுழைக்கக் கூடாது. தாளில் பிழை இருந்தால் படிக்கத் தெரியும்படி ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும். கணினிப் பதிவேட்டில் எந்த வரியை எப்போது யார் மாற்றினார் என்பது பின்னால் பதிவாகிக்கொண்டே இருக்கும். நோயாளிக்கு ஏதாவது நடந்த பிறகு குறிப்பைத் திருத்தியது தெரிந்தால், அதற்கு முன் எழுதிய நல்ல குறிப்பையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நாள்பட்ட மறுப்புகளுக்கும் இதே எலும்புக்கூடுதான். இன்சுலின் வேண்டாம் என்பவர், டயாலிசிஸ் வேண்டாம் என்பவர், ரத்தம் ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்பவர் என்று யாராக இருந்தாலும் சரி. ஒரு வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். மார்ச்சில் எழுதிய மறுப்பு ஆகஸ்டில் செல்லும் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. இடையில் சிறுநீரகம் இன்னும் மோசமாகியிருக்கலாம், ஆபத்தின் அளவு மாறியிருக்கலாம், வீட்டு நிலைமை மாறியிருக்கலாம். பேப் ஸ்மியரை மறுத்த அந்தப் பெண் பல ஆண்டுகளில் பல தடவை அந்த அறைக்குள் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு தடவையும் அது புதிதாகப் பேச ஒரு வாய்ப்பு. மறுபடி பேசினால் மறுபடி எழுத வேண்டும், இரண்டு வரியாக இருந்தாலும் அந்த நாளின் அபாயத்தோடும் அந்த நாளின் பதிலோடும்.

நெஞ்சுவலிக்காரரை அப்படியே விட்டுவிட்டோம். அதிகாலை 4:40க்கு அவர் திரும்பி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வலி மறுபடி வந்திருக்கிறது. எழுதிக் கொடுத்தபடி ஆம்புலன்ஸில்தான் வந்திருக்கிறார். முதலில் பார்த்த மருத்துவர் இப்போது பணியில் இல்லை. புதியவர் கேஸ் ஷீட்டைத் திறக்கிறார். முதல் வலி எப்போது, முதல் ஈசிஜி எப்போது, டிரோப்போனின் எத்தனை மணிக்கு எடுத்தது என்பது ஒரே பார்வையில் தெரிகிறது. 12:20க்கு ஆஸ்பிரின் 300 மி.கி. கொடுத்தாகிவிட்டது, அதனால் முதல் தடவை கொடுக்கும் அந்தப் பெரிய அளவை மறுபடி கொடுக்க வேண்டியதில்லை. பழைய ஈசிஜியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதியதை எடுக்கிறார். எடுத்துக்கொண்டே அவரிடம் கேட்கிறார்:

“அம்மாகிட்ட இப்ப யார் சார் இருக்காங்க?”

“தங்கச்சி வந்துட்டா டாக்டர். இப்ப எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருக்கேன்.”